திறந்த கரண்ட் அடுப்பில் காயில் போனால்: அறிகுறி பார்த்து, வாட் பார்த்து, நீளம் பார்த்து மாற்றுவது

பீங்கான் தட்டில் பள்ளம் வெட்டி, அதில் காயில் என்கிற சுருள் கம்பி படுத்திருக்கும் அடுப்பைப் பற்றித்தான் இது. பினாங்கில் இந்த அடுப்பு இன்னும் பல வீடுகளில் இருக்கிறது. சாம்பிராணிக்குக் கரி பற்றவைக்க, பால் காய்ச்ச, வாடகை அறையில் ஒரு ஆளுக்குச் சமைக்க என்று ஏதோ ஒன்றுக்கு ஓடிக்கொண்டிருக்கும். பழுது பார்க்க வருவதில் பெரும்பாலானவை ஒரே கதைதான்: காயில் அறுந்தது, முறுக்கிச் சேர்த்தேன், மறுபடி அறுந்தது, புதுசு போட்டேன், அதுவும் போய்விட்டது. இது ஏன் நடக்கிறது என்பது அறிகுறியைப் பார்த்தாலே முக்கால்வாசி தெரிந்துவிடும்.

கை வைக்கும் முன் ஒன்று. சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது, பிளக்கைச் சுவரிலிருந்து உருவி உங்கள் கண் முன்னால் வைத்துக்கொள்ளுங்கள். இந்த அடுப்பில் சிவக்கும் கம்பியே கரண்ட் ஓடும் கம்பி, அதன் மேல் உறை எதுவும் கிடையாது. அடுப்பிலேயே தனி சுவிட்ச் இருந்து, உள்ளே வயர் மாற்றிக் கொடுக்கப்பட்டிருந்தால், அணைத்த பிறகும் காயிலில் கரண்ட் நிற்கும். உருவிய பிறகு அரைமணி நேரம் ஆறவிடுங்கள். சிவப்பு போனாலும் பீங்கான் சூட்டை விடாது.

அறிகுறி 1: சுவிட்ச் போட்டும் சூடே இல்லை

முதலில் பிளக். நம்மூர் மூன்று முனை பிளக்குக்குள் ஒரு பியூஸ் இருக்கிறது. அதைக் கழற்றி மல்டிமீட்டரில் பாருங்கள். மீட்டர் இல்லையென்றால் நல்ல பியூஸ் ஒன்றை மாற்றிப் போட்டுப் பார்க்கலாம். பியூஸ் போயிருந்தால் காரணம் தேடாமல் புதுசு போட்டுவிட்டுப் போய்விடாதீர்கள். 1000 வாட் அடுப்பு இழுப்பது நாலரை ஆம்ப் அளவுதான், 13 ஆம்ப் பியூஸ் அதற்கு எரியக் கூடாது. எரிந்தது என்றால் எங்கோ இரண்டு வயர் தொட்டுக்கொண்டிருக்கிறது, அல்லது பிளக்குக்குள் திருகு தளர்ந்து சூடேறி பியூஸைத் தீய்த்திருக்கிறது.

பியூஸ் நன்றாக இருந்தால் அடுப்பைக் கவிழ்த்து அடித்தகட்டைக் கழற்றுங்கள். காயிலின் இரண்டு முனையும் நட்டு போல்ட்டில் வந்து உட்காரும் இடத்தைப் பாருங்கள். கறுத்து, விரல் வைத்தால் ஆடினால், காயில் நல்லதாகவே இருக்கலாம், இணைப்புதான் போயிருக்கும். மீட்டரை 200 ஓம் அளவில் வைத்து அந்த இரண்டு போல்ட்டையும் தொடுங்கள். எண் எதுவும் வராவிட்டால் காயில் அறுந்திருக்கிறது. எண் வந்தால் காயில் சரி. வயர், சுவிட்ச், பிளக் என்று பின்னோக்கிப் போங்கள்.

அறுந்த இடம் கண்ணுக்குத் தெரியாமல் இருக்கும். பள்ளத்துக்குள் இரண்டு நுனியும் ஒட்டினாற்போலவே கிடக்கும். மரக்குச்சியால் ஒவ்வொரு வளைவாக மெல்லத் தள்ளிப் பாருங்கள், ஓரிடத்தில் நுனி விலகி எழும்பும். அந்த நுனியையும் கவனியுங்கள். உருண்டையாக உருகியிருந்தால் அங்கே அளவுக்கு மீறிச் சூடேறியிருக்கிறது. வெள்ளையாகவோ பச்சையாகவோ பொருக்கு கட்டி மெலிந்திருந்தால் பால், உப்புத் தண்ணீர், குழம்பு போன்றது சிந்தி அரித்திருக்கிறது. முதலாவது என்றால் அடுத்த அறிகுறிக்குப் போங்கள். இரண்டாவது என்றால் புதுக் காயில் போடும் முன் பள்ளத்தில் காய்ந்த உப்பை உலர்ந்த பிரஷ்ஷால் சுரண்டி எடுங்கள். அது உள்ளே இருந்தால் புதுசையும் அதே இடத்தில் தின்றுவிடும்.

அறிகுறி 2: காயில் அடிக்கடி அறுகிறது, அல்லது ஓரிடம் மட்டும் பளீரென்று வெளுத்துச் சிவக்கிறது

மாலையில் அறை விளக்கை அணைத்துவிட்டு, ஏழெட்டு அடி தள்ளி நின்று, பாத்திரம் வைக்காமல் ஒரு நிமிடம் மட்டும் ஓடவிட்டுப் பாருங்கள். காயில் முழுவதும் ஒரே ஆரஞ்சு நிறமாக இருக்க வேண்டும். ஓரிடம் மஞ்சளாகத் தெரிந்தால் அடுத்து அறுவது அங்கேதான்.

செலவில்லாமல் சரிசெய்யக்கூடிய காரணம், சுற்றுகள் நெருங்கிக் கிடப்பது. காயிலை இழுக்கும்போது ஒரு பக்கம் அதிகமாக விரிந்து, இன்னொரு பக்கம் விரியாமல் போயிருக்கும். நெருங்கிய சுற்றுகள் ஒன்றையொன்று சுடும். லேசாக இருந்தால் பிளக்கை உருவி, ஆறிய பிறகு மரக்குச்சியால் நகர்த்திப் பிரித்துவிடலாம். ரொம்ப நாள் ஓடிய காயிலில் இதைச் செய்ய வேண்டாம். ஒருமுறை நன்றாகச் சிவந்த கம்பிக்குப் பழைய நெகிழ்வு இருக்காது. காந்தம் ஒட்டும் வகைக் கம்பி, அதாவது இரும்பு கலந்தது, பழகிய பிறகு குச்சி மாதிரி ஒடியும். நிக்ரோம் கம்பியில் காந்தம் ஒட்டாது, அது கொஞ்சம் தாங்கும்.

சாம்பிராணிக் கரியை நேரே காயில் மேல் வைப்பவர்களுக்கு இன்னொரு காரணம் உண்டு. கரித்துண்டின் கனம் சுற்றுகளை அழுத்தி ஒட்டவைக்கும், கரி ஓரளவு கரண்டைக் கடத்தவும் செய்யும், சாம்பல் பள்ளத்தில் இறங்கிச் சூட்டை வெளியே விடாது. கரி வைத்த இடத்திலேயே அறுகிறது என்றால் காரணம் இதுதான். கரியை இடுக்கியால் எடுப்பதற்கு முன் பிளக்கை உருவுங்கள். இரும்பு இடுக்கி சிவந்த காயிலைத் தொட்டால் கரண்ட் நேராக உங்கள் கைக்கு வரும். இதை அவசரப் பூஜை நேரத்தில் பலர் மறக்கிறார்கள்.

இனி, நான் அதிகம் பார்க்கும் காரணத்துக்கு வருகிறேன்: அறுந்ததை முறுக்கிச் சேர்ப்பது. ஆயர் ஈத்தாமில் ஒரு அக்கா கொண்டுவந்த அடுப்பை வைத்தே சொல்கிறேன். ஊரிலிருந்து வாங்கி வந்த 1000 வாட் அடுப்பு. "போன மாசம்தான் சேர்த்துக் கொடுத்தாங்க தம்பி, அதுக்குள்ள போச்சு" என்றார். காயிலில் முன்பே இரண்டு முறுக்கு இருந்தது, மூன்றாவதாக வேறோர் இடத்தில் அறுந்திருந்தது. இரண்டு துண்டையும் தனித்தனியே மீட்டரில் அளந்து கூட்டினேன். 38 ஓம் வந்தது.

இங்கே ஒரே ஒரு கணக்கு போதும்:

```
வாட் = வோல்ட் × வோல்ட் ÷ ஓம்
```

மலேசியாவில் வீட்டுக்கு வரும் கரண்டின் பெயரளவு 230 வோல்ட். 230-ஐ 230-ஆல் பெருக்கினால் 52,900. அதை 1000 வாட்டால் வகுத்தால் 53 ஓம் வரும். அந்தக் காயில் புதிதாக இருந்தபோது ஏறக்குறைய அவ்வளவு இருந்திருக்க வேண்டும். இப்போது 38 என்றால், ஒவ்வொரு முறையும் கருகிய நுனியை வெட்டி வெட்டி, கால் பங்குக்கு மேல் கம்பி போய்விட்டது. 52,900-ஐ 38-ஆல் வகுத்தால் 1390 வாட். அதாவது கம்பி குறைந்தது, ஆனால் சூடு கூடிவிட்டது. கூடிய சூட்டைக் குறைந்த கம்பி சுமக்கிறது. மீதமிருந்த கம்பியின் ஒவ்வொரு சென்டிமீட்டரும் முன்பைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு சூட்டைத் தாங்கிக்கொண்டிருந்தது. அது அறாமல் இருந்தால்தான் ஆச்சரியம். இது போதாதென்று, முறுக்கிய இடத்தில் கம்பிகள் சரியாக ஒட்டாமல், துரு போல் படலம் ஏறி, அந்த முறுக்கே தனியாகச் சூடாகும்.

அதனால் என் முடிவு: அறுந்த காயிலைச் சேர்க்காதீர்கள், மாற்றுங்கள். பத்தில் ஒரு பங்கு வெட்டினாலே ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும் கால் பங்கு அளவு சூடு கூடுகிறது. புதுக் காயில் சில வெள்ளிதான்.

அறிகுறி 3: புதுக் காயில் போட்டேன், சூடு போதவில்லை அல்லது மிக அதிகம்

கடையில் 1000, 1500, 2000 வாட் என்று தொங்கும். "பெரிசா போட்டா சீக்கிரம் வேகும்" என்று 2000-ஐ எடுப்பவர்கள் அதிகம். எந்த வாட் என்பதை நம் அவசரத்தை வைத்து முடிவு செய்ய முடியாது, அடுப்பை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். அடுப்பின் அடியில் ஒட்டியிருக்கும் தகட்டில் எழுதியிருப்பதுதான் முதல் சாட்சி. தகடு அழிந்துபோயிருந்தால், இதுவரை வெட்டப்படாத பழைய காயிலின் துண்டுகளை அளந்து கூட்டுங்கள். 53 ஓம் பக்கத்தில் வந்தால் 1000 வாட், 35 பக்கத்தில் 1500, 26 பக்கத்தில் 2000. அளக்கும் முன் மீட்டரின் இரண்டு முனையையும் ஒன்றோடொன்று தொட்டு, அப்போது காட்டும் சிறு எண்ணைக் கழித்துக்கொள்ளுங்கள்.

இரண்டுமே இல்லையென்றால் பள்ளத்தின் அகலத்தைப் பாருங்கள். 2000 வாட் காயில் பெரும்பாலும் தடித்த கம்பியில், பருமனான சுருளாக வரும். சுருள் பள்ளத்துக்குள் முழுக்க இறங்கி, கொஞ்சம் இடம் மிச்சமிருக்க வேண்டும். அமுக்கினால்தான் இறங்குகிறது என்றால் அது உங்கள் தட்டுக்கு உரியதல்ல. சந்தேகம் வந்தால் குறைந்த வாட்டையே எடுங்கள். பத்து நிமிடத்தில் கொதிப்பது பதினைந்து நிமிடம் ஆகும், அவ்வளவுதான். 1000 வாட் தட்டில் 2000 போட்டால் பீங்கான் வெடிக்கும், உள்ளே போகும் மெல்லிய வயரின் உறை உருகும்.

பாக்கெட்டில் வோல்ட்டையும் படியுங்கள். 220 வோல்ட், 1000 வாட் என்று அச்சிட்ட காயில் 48 ஓம்தான் இருக்கும். நம் வீட்டில் கரண்ட் 240 வரை ஏறும் நேரத்தில் அதே காயில் 1190 வாட் இழுக்கும். உடனே எரிந்துவிடாது, ஆனால் ஆயுள் குறையும். அந்த அக்காவுக்குக் கடையில் இரண்டு காயிலை மீட்டரில் அளந்து பார்த்தோம். ஒன்று 49 ஓம், இன்னொன்று 53. விலை ஒன்றேதான். 53-ஐ எடுத்தோம். கடைக்காரர் மீட்டர் வைக்க விடமாட்டார் என்று தயங்காதீர்கள், லெபோ சூலியா பக்கம் ஆகட்டும், கோலாலம்பூரில் ஜாலான் பாசார் ஆகட்டும், சாமான் விற்பவர்களுக்கு இது புதிதல்ல.

சரியான வாட் போட்டும் சூடு குறைவு என்றால், வேறெங்கோ கரண்ட் வீணாகிறது. நீளமான எக்ஸ்டென்ஷன் வயரை எடுத்துவிட்டு நேரே சுவரில் செருகிப் பாருங்கள்.

அறிகுறி 4: காயில் பள்ளத்தில் நிற்கவில்லை, எழும்புகிறது, நீளம் ஒத்துவரவில்லை

இதில்தான் நிதானம் வேண்டும். காயில் கடையில் வரும்போது சுற்றுகள் ஒட்டி, ஒரு சாண் அளவு இருக்கும். அதை இழுத்து விரித்துத்தான் பள்ளத்தில் படுக்கவைக்கிறோம். ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: இழுப்பதால் வாட் மாறாது, வெட்டினால்தான் மாறும். நீளமாக இருக்கிறது என்று நுனியை வெட்டுபவர்கள்தான் மேலே சொன்ன வலையில் விழுகிறார்கள்.

பள்ளத்தின் நீளத்தை நூலால் அளக்கவும். நீளாத பருத்தி நூலை ஒரு துளையிலிருந்து மறு துளை வரை, எல்லா வளைவிலும் நடுப்பள்ளத்தில் படும்படி படுக்கவைத்து, இரண்டு முனையிலும் மை தொட்டுக் குறியுங்கள். பிறகு நூலை எடுத்து அடிக்கோலில் நீட்டுங்கள். அந்த அடுப்பில் 84 சென்டிமீட்டர் வந்தது. புதுக் காயிலின் சுருள் பகுதி, விரிக்காமல், 22 சென்டிமீட்டர். நாலு மடங்குக்குக் கொஞ்சம் குறைவு. இரண்டிலிருந்து நாலு மடங்குக்குள் விரிந்தால் நல்லது. அதற்குக் குறைவாகவே பள்ளம் நிரம்பிவிட்டால் சுற்றுகள் நெருங்கிச் சுடும். அதற்கு மேல் இழுத்தால் சுருள் பிடிப்பை இழந்து தொளதொளவென்று கம்பியாகிவிடும். அப்போது வேறு அளவு காயில் கேளுங்கள்.

இழுக்கும் விதம் இது. சுருளின் ஒரு முனையைச் சுவரிலோ மேசையிலோ அடித்த ஆணியில் மாட்டுங்கள். மறு முனையைப் பிளையரால் பிடித்து, நேர்கோட்டில், ஒரே வேகத்தில் மெல்ல இழுங்கள். பாதியில் கையால் நடுவைப் பிடித்துத் தனியாக இழுக்கக் கூடாது, ஏற்றத்தாழ்வு அங்கேதான் பிறக்கும். விட்டால் கொஞ்சம் சுருங்கும். விட்டு, அளந்து, மறுபடி கொஞ்சம் இழுத்து, தானாகக் கிடக்கும்போது 83 சென்டிமீட்டர் வரும் இடத்தில் நிறுத்தினேன். பள்ளத்தைவிட ஒரு சென்டிமீட்டர் குறைவாக இருந்தால் மெல்லிய இழுப்பில் படிந்து கிடக்கும். நீண்டுவிட்டால் வளைவுகளில் மேலே எழும்பும், சுருக்கிப் பழைய நிலைக்குக் கொண்டுவருவது சிரமம். அதனால் அவசரப்பட்டு ஒரே இழுப்பில் முடிக்காதீர்கள்.

முனைகளில் நேராக வரும் கம்பியைப் பாருங்கள். அதை ஐந்தாறு சென்டிமீட்டர் விட்டு, மடித்து இரட்டையாக முறுக்கித் துளையில் இறக்குங்கள். இரட்டைக் கம்பி என்பதால் அந்த வால் பகுதி அதிகம் சூடாகாது, போல்ட்டும் கருகாது. போல்ட்டில் நட்டு திரும்பும் திசையிலேயே கம்பியைச் சுற்றி, இரண்டு வாஷருக்கு நடுவில் வைத்து இறுக்குங்கள். எதிர்த்திசையில் சுற்றினால் இறுக்க இறுக்கக் கம்பி வெளியே தள்ளும். பழைய வாஷர் கறுத்திருந்தால் புதுசு போடுங்கள். போல்ட்டில் மறுபக்கம் வரும் வயர் சாதாரண பிளாஸ்டிக் உறை வயராக இருக்கக் கூடாது. சூடு தாங்கும் கண்ணாடி நார் உறை அல்லது சிலிக்கான் உறை வயர் வேண்டும்.

படுக்கவைத்த பிறகு, பிளக் செருகும் முன், அடிக்கோலை நிமிர்த்தித் தட்டின் மேல் குறுக்கே வைத்து எல்லா இடமும் பாருங்கள். எந்தச் சுற்றும் அடிக்கோலைத் தொடக் கூடாது. தொட்டால் நாளைக்குப் பாத்திரத்தைத் தொடும்.

முதல் முறை ஓடும்போது கம்பியில் பூசிய எண்ணெய் எரிந்து கொஞ்சம் புகை வரும். ஜன்னலைத் திறந்துவிடுங்கள், இரண்டு நிமிடத்தில் நின்றுவிடும். அந்த அக்காவின் அடுப்பில் முதல் நிமிடத்தில் ஒரு வளைவு மட்டும் அதிகமாகச் சிவந்தது. பிளக்கை உருவி, ஆறவிட்டு, அங்கே ஒட்டியிருந்த நாலைந்து சுற்றைக் குச்சியால் பிரித்ததும் சீராகிவிட்டது.

அறிகுறி 5: பாத்திரம் தொட்டால் சுருக்கென்கிறது, அல்லது கசிவு வந்தால் கரண்டைத் துண்டிக்கும் இ.எல்.சி.பி. விழுகிறது

சுருக்கென்றால் உடனே நிறுத்துங்கள், "லேசாத்தான் இருக்கு" என்று ஓட்ட வேண்டாம். முதல் காரணம் எழும்பிய காயில் பாத்திரத்தின் அடியைத் தொடுவது. அடி உப்பிய பழைய அலுமினியப் பாத்திரமும் இதைச் செய்யும். அடிக்கோல் சோதனையைத் திரும்பச் செய்யுங்கள்.

அடுத்தது ஈரம். பொங்கி வழிந்த நாளிலிருந்துதான் விழுகிறது என்றால் பீங்கான் தண்ணீரைக் குடித்திருக்கிறது. தட்டைக் கழற்றி ஒரு முழு நாள் வெயிலில் வையுங்கள். பிறகு பிளக்கின் எர்த் முனைக்கும் மற்ற இரண்டு முனைகளுக்கும் நடுவே மீட்டரை அதன் மிகப் பெரிய ஓம் அளவில் வைத்துப் பாருங்கள். எண் எதுவும் வரக் கூடாது. வந்தால் அடுப்புக்குள் கசிவு இருக்கிறது, போல்ட்டு உடம்பைத் தொடுகிறதா என்று தேடுங்கள். எதுவும் வராமலும் இ.எல்.சி.பி. விழுந்தால், சாதாரண மீட்டரால் பிடிக்க முடியாத கசிவாக இருக்கலாம். அதற்கு 500 வோல்ட் கொடுத்துச் சோதிக்கும் கருவி வேண்டும், அது வயர்மேனிடம் இருக்கும்.

இந்தியாவிலிருந்து வந்த அடுப்புகளில் எர்த் வயர் உடம்போடு இணைந்திருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். நம்மூர் பிளக் மாட்டும்போது பழுப்பு வயர் பியூஸ் உள்ள முனைக்கு, நீலம் எதிர் முனைக்கு, பச்சை மஞ்சள் மேலே உள்ள நீண்ட முனைக்கு. பழைய வயரில் சிவப்பு, கறுப்பு, பச்சை என்று இருந்தால் அதே வரிசை. எர்த் இல்லாத இரண்டு வயர் கார்டாக இருந்தால் கார்டையே மாற்றுங்கள்.

அறிகுறி 6: அடுப்பு நன்றாக ஓடுகிறது, ஆனால் பிளக் கொதிக்கிறது

கால்மணி நேரம் ஓடிய பிறகு பிளக்கைத் தொட்டால் இளஞ்சூடு இருக்கலாம், கை வைக்க முடியாத அளவு இருக்கக் கூடாது. பெரும்பாலும் பிளக்குக்குள் தளர்ந்த திருகுதான். அல்லது இந்திய பிளக்கை அப்படியே வைத்து, நடுவில் கன்வெர்ட்டர் ஒன்றைச் செருகியிருப்பார்கள். போன் சார்ஜருக்கு அது போதும், அடுப்புக்கு ஆகாது. பிளக்கை வெட்டி 13 ஆம்ப் பிளக் மாட்டுங்கள். 2000 வாட் அடுப்பென்றால் 1.5 சதுர மில்லிமீட்டர் வயர் போடுங்கள்.

எந்த இடத்தில் ஆளைக் கூப்பிடுவது

அடுப்பை உருவிய பிறகும் இ.எல்.சி.பி. நிற்கவில்லை, சுவரிலுள்ள சாக்கெட் பழுப்பேறியோ உருகியோ இருக்கிறது, ஒரு சாக்கெட்டில் செருகினால் மட்டும் பிளக் கொதிக்கிறது என்றால் பிரச்சினை அடுப்பில் இல்லை, வீட்டு வயரிங்கில் இருக்கிறது. சுருஹான்ஜாயா தெனாகாவின் சான்று உள்ள வயர்மேனைக் கூப்பிடுங்கள். ஜார்ஜ்டவுனில் பழைய கடைவீடுகளில் சாக்கெட்டில் மூன்று துளை இருக்கும், ஆனால் எர்த் வயர் பின்னால் வந்திருக்காது. அப்படிப்பட்ட வீட்டில் திறந்த காயில் அடுப்பை ஓட்டுவதற்கு முன்பே அதைச் சோதிக்கச் சொல்லுங்கள்.

பீங்கான் தட்டு குறுக்கே விரிசல் விட்டிருந்தால் சிமெண்டு வைத்து ஒட்டாதீர்கள். அதே அளவில் தட்டு கிடைத்தால் மாற்றுங்கள், கிடைக்காவிட்டால் அடுப்பையே மாற்றுங்கள். மிகப் பழைய அடுப்பில் தட்டுக்கு அடியில் நார் நாராகச் சாம்பல் நிற அட்டை இருந்தால் அது ஆஸ்பெஸ்டாஸாக இருக்கலாம். அதைச் சுரண்டவோ ஊதவோ வேண்டாம், தகட்டை மூடிவிட்டு அந்த அடுப்பை ஒதுக்கி வையுங்கள்.